நேர்காணல் முடிந்த 11-ஆம் நாள்

“அது இன்னும் லைவ் போகல சார். டெஸ்டிங்ல இருக்கு.”

நேர்காணல் அறையில் இந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும். எதிரே உட்கார்ந்திருக்கும் நாங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். சில நாளில் அந்த வேலை முடிந்திருக்கும். முடிந்த சேதி எங்களுக்கு வராது. வந்தாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாத மாதிரி வரும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், தகவல்களைத் திரட்டி அறிக்கைகளாக்கித் தரும் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு. ஆள் வேண்டும்போது நேர்காணல் எடுப்பதும், யாரை எடுப்பது என்று கடைசியில் கையெழுத்திடுவதும் என் வேலை. முடிவுக்கு முன் வந்து, முடிவை உண்மையாகவே நகர்த்திய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். எழுதியவர் கோயம்புத்தூரிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்துக்கு வருமுன், நேர்காணல் முடிந்ததும் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவர்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. அவர் எழுந்து போனதும், கேள்வி கேட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு படிவம் நிரப்புகிறோம். அன்றைக்கே, தப்பினால் மறுநாள். வேலைக்குத் தேவையான திறமைகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். அதன் பக்கத்தில் ஒரு கட்டம்: எதை வைத்து இந்த மதிப்பெண்? ‘நன்றாகப் பேசினார்’ என்று அங்கே எழுதினால் செல்லாது. அவர் என்ன செய்ததாகச் சொன்னார், நாம் துருவிக் கேட்டபோது என்ன பதில் வந்தது என்று எழுத வேண்டும். எல்லாப் படிவங்களும் வந்தபிறகு, நாங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். மற்றவர்களையும் பார்த்து முடிக்க வேண்டியிருப்பதால் நடுவில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓடிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு நான் போட்ட படிவத்தில் பெரும்பாலும் 3. ஒரு வரிசையில் மட்டும் 2. பக்கத்துக் கட்டத்தில் நான் எழுதியது இது: “யோசனை சரி. உண்மையான சுமையில் ஓட்டிப் பார்த்த அனுபவம் தெரியவில்லை. நீக்கப்பட்ட வரிகள் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை.” என்னோடு இருந்த மூத்த பொறியாளரும் கிட்டத்தட்ட இதையே எழுதியிருந்தார். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லக் கையில் ஆதாரம் இல்லை. கடிதம் எழுதிப் பலன் கிடைக்கக்கூடியது இந்த இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்குத்தான்.

அவர் அப்போது செய்துகொண்டிருந்த வேலை இது. பல ஊர்களில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு வியாபாரத்துக்கு அவர் நிறுவனம் மென்பொருள் நடத்துகிறது. சரக்கு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் டேட்டாபேஸில் ஒரு வரி விழும். மொத்தம் சுமார் 4 கோடி வரிகள். தினமும் இரவு 11 மணிக்கு அத்தனையையும் அப்படியே இன்னொரு டேட்டாபேஸுக்குப் பிரதி எடுத்து, அதிலிருந்து காலை அறிக்கை தயாராகும். பிரதி எடுக்க மட்டும் 5 மணி 20 நிமிடம். இடையில் ஏதாவது அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. காலை 6 மணிக்கு மேலாளர்கள் அறிக்கையைத் திறந்தால் நேற்று முந்தைய நாள் கணக்கு நிற்கும்.

அவர் யோசனை எளிமையானது. ஒரு நாளில் மாறுகிற வரிகள் ஒன்றரை லட்சம்தான். ஒவ்வொரு வரியிலும் கடைசியாக எப்போது மாறியது என்ற நேரம் பதிவாகியிருக்கிறது. நேற்று 11 மணிக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுத்தால் போதும். 4 கோடியையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

நேர்காணலில் இதை அழகாக வரைந்து காட்டினார். என் சக பொறியாளர் கேட்டார்: “யாராவது ஒரு வரியை மூலத்திலேயே அழித்துவிட்டால்? மாறிய வரிகளைத்தானே தேடுகிறீர்கள். இல்லாமல் போன வரி எப்படி உங்கள் கண்ணில் படும்?” அவர் யோசித்தார். “அதை இன்னும் பார்க்கல சார்” என்றார். அதற்கப்புறம்தான் நான் கேட்டேன், இது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று. முதலில் சொன்ன பதில் அப்போது வந்தது.

அது ஒரு வியாழக்கிழமை. அறையை விட்டுப் போகுமுன் அவர் எங்கள் ஹெச்.ஆரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: முடிவு எப்போது தெரியும்? இரண்டு வாரம் ஆகும் என்று பதில். இந்தக் கேள்வியைக் கேட்டு வைக்காதவர்கள், பின்னால் எழுத நினைக்கும்போது இருட்டில் கல்லெறிகிறார்கள். அவருக்குத் தன்னிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

அடுத்த செவ்வாய் இரவு அவருடைய வேலை லைவ் போனது. 14 நிமிடத்தில் முடிந்தது. புதன் காலையே “சார், முடிச்சுட்டேன்” என்று எழுத யாருக்கும் கை துடிக்கும். அவர் எழுதவில்லை. நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் புதன் இரவு, முந்தைய நாள் வரையிலான வரிகளை இரண்டு பக்கமும் எண்ணி ஒப்பிடும் சோதனை ஓடியபோது, ஒரு கிடங்கின் கணக்கில் 37 வரிகள் குறைந்தன.

37 வரி எங்கே போயிருக்கும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அந்தக் கிடங்கில் பதிவுகளை ஒவ்வொன்றாக ஏற்றுவதில்லை. நாள் முடிவில் மொத்தமாக ஏற்றுவார்கள். செவ்வாய் இரவு 10:52-க்கு ஏற்ற ஆரம்பித்து 11:06-க்கு முடித்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருந்தது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். அதில் `now()` என்று நேரம் கேட்டால், அந்த மொத்த வேலையும் தொடங்கிய நேரத்தைத்தான் தரும். ஆக 37 வரிகளிலும் 10:52 என்றே பதிவானது. ஆனால் 11:06-க்கு உறுதியாகும்வரை அந்த வரிகள் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. 11 மணிக்கு இவர் போய்ப் பார்த்தபோது அவை அங்கே இல்லை. மறுநாள் போனபோது, ‘11 மணிக்குப் பிறகு மாறியதைக் கொடு’ என்று கேட்டார். அவை 10:52 என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டன. எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் அந்த 37-உம் அறிக்கைக்கு என்றைக்குமே வந்திருக்காது.

வியாழக்கிழமை அவர் செய்த திருத்தம் சின்னது. 11 மணியிலிருந்து எடுக்காமல் 30 நிமிடம் பின்னால் போய் 10:30-இலிருந்து எடுப்பது. ஏற்கெனவே எடுத்த வரி மறுபடி வந்தால், புதிதாகச் சேர்க்காமல் பழையதன் மேலேயே எழுதுவது. அதனால் இரட்டிப்பு விழாது. அழிக்கப்பட்ட வரிகளுக்கு வேறு ஏற்பாடு: ஞாயிறு இரவு மட்டும் இரண்டு பக்கத்து வரி எண்களையும் முழுதாக ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாததை இங்கேயும் நீக்குவது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என நான்கு இரவு கணக்கு நேராக வந்தது. ஞாயிறு ஒப்பீடும் ஒருமுறை ஓடி முடிந்தது. திங்கள் காலை எழுத உட்கார்ந்தார். நேர்காணல் முடிந்து அன்று 11-ஆம் நாள்.

முதலில் அவர் எழுதி வைத்திருந்த வரைவைப் பிற்பாடு எனக்குக் காட்டினார். என்னைச் சந்தித்ததில் மிகுந்த மகிழ்ச்சி, உங்கள் நிறுவனத்தில் சேர ஆர்வமாக இருக்கிறேன், நேர்காணலில் சொன்ன புராஜெக்டை வெற்றிகரமாக முடித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன், இதனால் செயல்திறன் பலமடங்கு உயர்ந்திருக்கிறது, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு என் படிவத்தின் அந்தக் கட்டத்தில் நான் எதை எழுதுவது? ‘முடித்துவிட்டாராம்’ என்றா? அழிந்த வரிகளைப் பற்றிய கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கிறது.

அவர் அனுப்பியது வேறு. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்; தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“வணக்கம். 11 நாளுக்கு முன் நடந்த நேர்காணலில், இரவுப் பிரதியை முழுதாக எடுக்காமல் மாறியதை மட்டும் எடுக்கும் வேலை சோதனையில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். கடந்த செவ்வாய் அது நடைமுறைக்கு வந்தது. 5 மணி 20 நிமிடம் ஆன வேலை இப்போது சுமார் 14 நிமிடத்தில் முடிகிறது.

அழிக்கப்பட்ட வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டீர்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது வாரம் ஒருமுறை வரி எண்களை ஒப்பிட்டு நீக்குகிறேன். இதில் ஒரு குறை உண்டு: அழிக்கப்பட்ட வரி அறிக்கையில் அதிகபட்சம் ஒரு வாரம் தங்கலாம். மூல மென்பொருள் வேறு குழுவின் பொறுப்பு என்பதால் அங்கே மாற்றம் செய்ய முடியவில்லை.

இரண்டாம் இரவு 37 வரிகள் விடுபட்டன. 11 மணிக்கு முன் தொடங்கி, பிறகு முடிந்த பதிவுகள் அவை. இப்போது 30 நிமிடம் பின்னோக்கிச் சென்று எடுக்கிறேன். கடந்த 4 இரவுகளாக எண்ணிக்கை பொருந்துகிறது. இந்த வடிவமைப்பை நான் செய்தேன். சோதனைகளை இன்னொருவரும் நானும் சேர்ந்து எழுதினோம்.

இதே பிரச்னையைக் கற்பனைத் தகவல்களோடு சிறிய அளவில் செய்து பார்த்ததன் இணைப்பு கீழே. தேவைப்பட்டால் பேசத் தயாராக இருக்கிறேன்.”

இரண்டு நிமிடத்தில் படித்து முடித்தேன். படித்ததும் முதலில் செய்தது, சக பொறியாளருக்கு அனுப்பியது. அவர் கேட்ட கேள்விக்கு நேரே பதில் வந்திருப்பதால் நான் முன்னுரை எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. மேனேஜர் அப்படியே இன்னொருவருக்குத் தட்டிவிடக்கூடிய கடிதமாக இருப்பது இதனால்தான் முக்கியம். முடிவை நான் தனியாக எடுப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் அவருக்காக எதையாவது காட்டிப் பேச வேண்டும்.

அந்தக் குறையை அவர் தானாகவே எழுதியிருந்தது என்னை மிகவும் கவர்ந்தது. வேகம் கூடியதைச் சொல்வது எளிது. 22 மடங்கு, 23 மடங்கு என்று யாரும் எழுதலாம். எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால் திணறுவார்கள். ஆனால் வேலையைக் கையால் தொட்டுச் செய்யாத ஒருவரால் 37 வரி எங்கே போனது என்று எழுத முடியாது. அந்தப் பத்தியில்தான் ‘உண்மையான சுமையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்’ இருந்தது. அந்தச் சொற்களை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொன்னதும் அப்படித்தான். ‘நாங்கள்’ என்றே முழுக் கடிதமும் இருந்தால், உங்கள் பங்கு என்ன என்று கேட்டு நாங்கள் மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலும் எழுத மாட்டோம்.

இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர், தன் திறமையைக் காட்டுகிறேன் என்று தன் நிறுவனத்தின் நிரலையும், வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் அடங்கிய ஒரு எக்செல் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டார். நல்ல திறமைசாலி. ஆனால் அதைத் திறந்த நொடியில் எங்களுக்கு ஒரு கேள்விதான் எழுந்தது: நாளை நம்மிடமிருந்து போகும்போதும் இப்படித்தானே செய்வார்? கோப்பை அழித்துவிட்டு ஹெச்.ஆருக்குத் தகவல் சொன்னோம். அவருடைய பேச்சு அத்தோடு முடிந்தது. வேலை நேரத்தில், நிறுவனத்தின் கணினியில் எழுதிய நிரல் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று வேலைக்குச் சேரும்போதே பெரும்பாலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் எதையும் வெளியே காட்ட வேண்டும்.

கோவைப் பெண் செய்தது வேறு. வீட்டில், தன் சொந்த மடிக்கணினியில், 10 லட்சம் கற்பனை வரிகளை உருவாக்கி, அதே சிக்கலைச் சின்னதாகக் கட்டிக் காட்டினார். வேண்டுமென்றே ஒரு பதிவைத் தாமதமாக முடித்து, அது விடுபடுவதையும், 30 நிமிடம் பின்னே போனால் அகப்படுவதையும் யாரும் ஓட்டிப் பார்க்கலாம். எப்படி ஓட்டுவது என்று முதல் பக்கத்திலேயே மூன்று வரியில் எழுதியிருந்தார். கடிதத்தில் வாடிக்கையாளர் பெயர் கிடையாது. கிடங்கு எந்த ஊர் என்பதும் கிடையாது. நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்ன அளவைத் தாண்டி எதுவும் வெளியே போகவில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் ஒரு நுணுக்கம். பலரிடம் மேனேஜரின் மின்னஞ்சல் முகவரி இருக்காது. நேர்காணல் ஏற்பாடு செய்த ஹெச்.ஆரின் முகவரிதான் இருக்கும். அப்படியென்றால் அந்த அழைப்புக் கடிதத்துக்கே பதில் போட்டு, “இதைத் தயவுசெய்து நேர்காணல் எடுத்தவர்களுக்கு அனுப்ப முடியுமா?” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய கடிதத் தொடரிலேயே வருவதால் யார், எந்த வேலைக்கு என்று தேட வேண்டியதில்லை. கன்சல்டன்சி மூலம் வந்தவர் என்றால் அவர்களை நகலில் சேர்ப்பது நல்லது. அவர்களைத் தாண்டிப் போனால் மனஸ்தாபம் வரும். மேனேஜரின் சொந்த நம்பரைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அப்படி வந்ததுண்டு. எழுதியவர் மேல் கோபம் வரவில்லை, ஆனால் அதை நான் எந்தக் கோப்பில் சேர்ப்பது?

எழுதாமல் இருப்பதே சரி என்ற இடங்களும் உண்டு. அரசுத் தேர்வாணையம், பொதுத்துறை நிறுவனம் போன்றவற்றில் நேர்காணல் மதிப்பெண் அந்த அறையோடு முடிந்தது. வெளியிலிருந்து எந்த வழியில் செல்வாக்குத் தேடினாலும் தகுதியிழப்பு என்று அறிவிக்கையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நேர்மையான எண்ணத்தோடு அனுப்பிய கடிதம்கூட அங்கே தப்பாகப் படும். தனியார் நிறுவனங்களிலும், ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை’ என்ற கடிதம் வந்தபிறகு புராஜெக்ட் முடிந்ததை எழுதினால் பெரும்பாலும் முடிவு மாறாது. இன்னொன்று, முடித்த வேலைக்கும் அந்தப் பதவிக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். அந்தப் பெண் அதே வாரத்தில் ஒரு மொபைல் செயலியையும் முடித்திருந்தாராம். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்கள் அதைக் கேட்கவே இல்லையே.

கடிதம் ஒன்றுதான் வந்தது. ‘பார்த்தீர்களா சார்?’ என்று இரண்டு நாளில் இன்னொன்று வரவில்லை. என்னிடமிருந்து அவருக்குப் போனது ஒரே வரி: கிடைத்தது, நன்றி, பேனலில் பகிர்ந்திருக்கிறேன். இதைவிட அதிகமாக நான் எழுதியிருக்க முடியாது. மற்றவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை. ஒரு வரிப் பதிலைக் கண்டு மனம் தளர வேண்டாம் என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

கடிதத்தை மட்டும் வைத்து மதிப்பெண்ணை மாற்றவும் இல்லை. எழுத்தில் யாரும் உதவியிருக்கலாம். அதனால் புதன்கிழமை 20 நிமிடம் போனில் பேச முடியுமா என்று கேட்டோம். என் சக பொறியாளர்தான் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது? ஏன் 10 இல்லை, ஏன் 60 இல்லை?”

“மூன்று மாச லாக் எடுத்துப் பார்த்தேன் சார். ஒரு பதிவு உறுதியாக அதிகபட்சம் 19 நிமிஷம் ஆகியிருக்கு. அதுக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு 30 வெச்சேன்.”

“வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் 31 ராத்திரி 40 நிமிஷம் ஆச்சுன்னா?”

“விடுபடும் சார். அதனால 25 தாண்டினாலே எனக்கு மெயில் வர்ற மாதிரி வெச்சிருக்கேன். மறுநாள் கணக்கெடுப்புலயும் தெரிஞ்சிடும். ஆனா அன்னிக்குக் காலை அறிக்கை தப்பாதான் போகும். அதுக்கு இன்னும் வழி யோசிக்கல.”

இந்த முறையும் “யோசிக்கல” என்றுதான் சொன்னார். குரல் தணியவில்லை. போனை வைத்ததும் நான் பழைய படிவத்தைத் திறந்தேன். முதலில் எழுதிய வரியை அழிக்காமல் அதன் கீழே தேதி போட்டு எழுதினேன்: “நடைமுறையில் ஓடுகிறது. விடுபட்ட வரிகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். எல்லை எது என்று தெரிந்திருக்கிறது.” பக்கத்தில் இருந்த 2-ஐ 3 ஆக்கினேன்.